கூர்சீட்டை மறுபடி பிரிக்க வந்த அண்ணன்: ஒரு சிறுகதைக்கு வழக்கறிஞரின் பதில்

கேள்வி: ஒரு சிறுகதை எழுதி வைத்திருக்கிறேன். திண்டிவனம் பக்கம் ஒரு கிராமம். தாத்தா வழி வந்த நிலத்தில் ஏரிப்பாசன நஞ்சை 2 ஏக்கர், பனங்காட்டுப் புஞ்சை 3 ஏக்கர். 1986-ல் அப்பா உயிரோடு இருக்கும்போதே அண்ணன் நஞ்சையையும் தம்பி புஞ்சையையும் எடுத்துக்கொள்கிறார்கள். கர்ணம் வெள்ளைத்தாளில் கூர்சீட்டு எழுத, எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். பதிவு செய்யவில்லை. நடுவில் பிறந்த சகோதரி 1982-லேயே கல்யாணமாகிப் போய்விட்டாள். அவளுக்குக் கதையில் ஒரே ஒரு காட்சி. இப்போது புறவழிச்சாலை வந்து புஞ்சை ஏக்கர் 2 கோடிக்குப் போகிறது. நஞ்சை 25 லட்சத்தில் நிற்கிறது. "பாகம் சமமில்லை, மறுபடி பிரிக்கணும்" என்று அண்ணன் வழக்குப் போடுகிறார். நீதிபதி இருவருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார். படித்த நண்பர் "கோர்ட்டில் இப்படி நடக்காது" என்கிறார். எங்கே தவறு? உண்மையில் எப்படி நடக்கும்?

பதில்: நண்பர் சொன்னது சரி. "விலை ஏறிவிட்டது, அதனால் பாகம் சமமில்லை" என்று ஒருவர் வந்தால் எந்த உரிமையியல் நீதிமன்றமும் அதைக் காரணமாக ஏற்காது. பாகம் சமமா என்பதைப் பிரித்த அன்றைய நிலவரத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். 1986-ல் ஏரித் தண்ணீர் பாயும் நஞ்சைக்கு முன்னால் பனங்காட்டுப் புஞ்சை எந்த மூலைக்கு? அன்றைக்குக் குறை சொல்லியிருக்க வேண்டியவர் தம்பிதான். அண்ணன் சாட்சிக் கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

வயது வந்தவர்கள் சம்மதித்துச் செய்துகொண்ட பாகப்பிரிவினையை மறுபடி திறக்க வேண்டுமானால் மோசடி, பொய்த்தகவல், மிரட்டல், தகாத செல்வாக்கு ஆகியவற்றில் ஒன்றைக் கறாராக நிரூபித்தாக வேண்டும். ரத்தினம் செட்டியார் எதிர் குப்புசாமி செட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1975-ல் இதைத் தெளிவாக வகுத்துச் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில் ஒரு விதிவிலக்கும் உண்டு. பிரிக்கும்போது மைனராக இருந்தவருடைய பங்கு அநியாயமாகக் குறைக்கப்பட்டிருந்தால், எத்தனை வருஷம் கழித்தும் அதைத் திறக்கலாம். உங்கள் கதையில் பாதகமான பங்கு வாங்கியவர் தம்பி. விலை ஏறியதும் அவருடைய பங்குதான். ஆகவே மைனர் என்ற வாசல் அண்ணனுக்கு உதவாது. மோசடி என்று சொல்ல நினைத்தால், பத்திரத்தை ரத்துச் செய்யக் கேட்பதற்கான காலவரையறை, மோசடி தெரிய வந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான். தானே பங்கைத் தேர்ந்தெடுத்து, தானே கையெழுத்துப் போட்டுவிட்டு, 38 வருஷம் கழித்து "இப்போதுதான் தெரிந்தது" என்று சொல்ல அண்ணனிடம் எதுவும் இல்லை.

அதனால் விஷயம் தெரிந்த வக்கீல் அண்ணனுக்காக எழுதும் பிராதில் "பாகம் சமமில்லை" என்ற வாக்கியமே இருக்காது. "பாகப்பிரிவினையே நடக்கவில்லை" என்றுதான் இருக்கும். தாவா சொத்து இன்றளவும் கூட்டுக் குடும்பச் சொத்து. சௌகரியத்துக்காக ஆளுக்கொரு பக்கம் பயிர் செய்து வந்தோம். கணக்கு வழக்கு ஒன்றாகத்தான் இருந்தது. பிரித்துக் கொடுக்கச் சொல்லி வாதி பலமுறை கேட்டும் பிரதிவாதி மறுக்கிறார். இப்படித்தான் போகும். இதில் அண்ணனுக்குப் பல வசதிகள் உண்டு. சொத்து கூட்டாக இருக்கும் வரை பாகம் கேட்கக் காலவரையறைப் பிரச்சினை எழாது. கூர்சீட்டு பதிவாகாததால் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் அதில் பாகப்பிரிவினை பற்றி ஒரு வரி வராது. புஞ்சைக்கான பட்டா இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாகவே கிடக்கிறது என்று நீங்கள் வைத்துக்கொண்டால் (கிராமங்களில் பாதி நிலம் இப்படித்தான் கிடக்கிறது), வருவாய்க் கணக்கும் அவர் பக்கம் பேசும்.

நீதிமன்றக் கட்டணத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சொத்தின் அனுபவத்திலிருந்து தான் விலக்கப்பட்டதாக வாதி ஒப்புக்கொண்டால், தன் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம் கட்டணம் கட்ட வேண்டும். கூட்டு அனுபவத்தில் இருப்பதாகச் சொன்னால் சொற்பமான நிலைக்கட்டணம் போதும். ஆகவே அந்தப் பனங்காட்டில் 38 வருஷமாகக் கால் வைக்காத அண்ணனும் "வாதியும் பிரதிவாதியும் கூட்டாக அனுபவித்து வருகிறார்கள்" என்றுதான் கையெழுத்துப் போடுவார். எதிருரையில் தம்பி முதலில் பிடிப்பதும் இந்த வரியைத்தான்.

உங்கள் கதை உண்மையில் திரும்பும் இடம் இனிமேல்தான் வருகிறது. பாகப்பிரிவினையே நடக்கவில்லை என்று அண்ணன் சொன்ன மாத்திரத்தில், சகோதரியும் பங்காளி ஆகிவிடுகிறாள். பாகப்பிரிவினை வழக்கில் பங்கு உள்ள எல்லோரையும் சேர்த்தாக வேண்டும். அவளைச் சேர்க்காமல் போட்டால், தேவையான தரப்பினரைச் சேர்க்காத குறை என்ற ஒரே காரணத்துக்காக வழக்கு தள்ளுபடியாகலாம். ஆகவே அண்ணன் தன் பிராதிலேயே தங்கையின் பெயரை 2-ம் பிரதிவாதி என்று எழுத வேண்டியிருக்கும். அவளுக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருக்கும்.

இது எப்படி என்று கொஞ்சம் விளக்குகிறேன். தமிழ்நாடு 1989-ல் கொண்டுவந்த திருத்தம், அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு தரவில்லை. 1982-ல் கல்யாணமானவள் அப்போது வெளியே நின்றாள். மத்திய அரசின் 2005 திருத்தம், கல்யாணம் ஆனதா இல்லையா என்று பார்க்காமல், மகளையும் மகனைப் போலப் பிறப்பால் பங்குள்ளவளாக்கியது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில், 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் கதைக்குப் பொருந்தும் விலக்கு ஒன்றுதான்: 2004 டிசம்பர் 20-க்கு முன்பு முறையாக நடந்து முடிந்த பாகப்பிரிவினையை அவள் கலைக்க முடியாது. அதாவது 1986 பாகப்பிரிவினை நின்றால் அவளுக்கு ஒன்றுமில்லை. அது விழுந்தால், அப்பா அம்மா இருவரும் இப்போது இல்லை என்று வைத்துக்கொண்டால், மூவருக்கும் சமம்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நஞ்சை 2 ஏக்கர் 50 லட்சம், புஞ்சை 3 ஏக்கர் 6 கோடி, மொத்தம் ஆறரைக் கோடி. இன்று இருக்கிறபடி அண்ணன் கையில் 50 லட்சம், தம்பி கையில் 6 கோடி. வீட்டுத் திண்ணையில் அண்ணன் போட்ட கணக்கில் அவருக்கு 3 கோடியே 25 லட்சம். வக்கீல் அறையில் தங்கை பெயர் சேர்ந்ததும் அது 2 கோடியே 16 லட்சம் சொச்சமாக இறங்கிவிடும். இருந்தாலும் 50 லட்சத்தோடு ஒப்பிட்டால் நாலு மடங்குக்கு மேல். ஆகவே தங்கைக்கும் போகும் என்று தெரிந்தே அவர் வழக்குப் போடுவார். கதையில் அவர் தயங்குவதாகக் காட்ட வேண்டுமானால் அந்தத் தயக்கம் பணத்தால் வந்ததாக இருக்க முடியாது.

இப்போது சகோதரியின் இடத்தைப் பாருங்கள். சின்ன அண்ணன்தம்பிச் சண்டையில் ஒரு காட்சிக்கு வந்து போக வேண்டியவளுக்கு, கணவன் ஊருக்கு சம்மன் வருகிறது. அண்ணன் ஜெயித்தால் 2 கோடியே 16 லட்சம். தம்பி ஜெயித்தால் ஒரு காசும் இல்லை. ஆனால் பாகம் பிரித்த அன்று என்ன நடந்தது என்று நேரில் தெரிந்து, இன்றும் உயிரோடு இருக்கும் ஓரிரு பேரில் அவளும் ஒருத்தி. கிராமத்துக் கூர்சீட்டுகளில் சாட்சிக் கையெழுத்து பெரும்பாலும் வீட்டு மாப்பிள்ளையுடையதாக இருக்கும். பின்னால் அவர் வீட்டுப் பக்கமிருந்து தகராறு வரக்கூடாது என்று பெரியவர்கள் முன்யோசனையாகச் செய்வது அது. உங்கள் கூர்சீட்டில் அவளுடைய கணவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் முடிச்சு முழுதாகிவிடும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்குப் பத்திரத்தின் உள்ளடக்கம் தெரியும் என்று சட்டம் தானாக அனுமானிக்காது. அது தம்பிக்குப் பாதகம். ஆனால் அவரைக் கூண்டில் ஏற்றி, "இது உங்கள் கையெழுத்தா? எந்த இடத்தில், யார் யார் இருக்கும்போது போட்டீர்கள்?" என்று கேட்கலாம். அவர் என்ன சொல்வார், அதற்கு முந்தின இரவு வீட்டில் அவளும் அவரும் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

கூர்சீட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கதையில் அது ஒரு மஞ்சள் நிறத் தாளாக மட்டும் வருகிறது என்று நினைக்கிறேன். நீதிமன்றத்தில் அந்தத் தாளின் ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் விலை உண்டு. "நாம் இன்று முதல் கீழ்க்கண்டவாறு பாகம் பிரித்துக்கொள்கிறோம்" என்று எழுதியிருந்தால், அந்தத் தாளே பாகத்தை உண்டாக்குகிறது. அப்படிப்பட்ட பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவும் கட்டாயம். இரண்டும் இல்லாவிட்டால் யாருக்கு எந்த நிலம் என்பதை நிரூபிக்க அதைப் பயன்படுத்த முடியாது. "சென்ற தை மாதம் பெரியவர்கள் முன்னிலையில் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு அவரவர் அனுபவத்தில் இருந்து வருகிறபடியால், ஞாபகார்த்தமாக எழுதி வைத்துக்கொண்டது" என்று இருந்தால், பாகம் ஏற்கெனவே முடிந்துவிட்டது, தாள் வெறும் நினைவுக் குறிப்பு. இந்து கூட்டுக் குடும்பத்தில் வாய்மொழிப் பாகப்பிரிவினை செல்லும் என்பதால், இந்தக் குறிப்புக்கு முத்திரையும் வேண்டாம், பதிவும் வேண்டாம். பத்திரம் எழுதிப் பழகிய கைகள் அந்தக் காலத்தில் இரண்டாவது விதமாகவே எழுதும். பழக்கமில்லாத வாத்தியாரோ மளிகைக்கடைக்காரரோ எழுதினால் முதல் விதமாகிவிடும். கதைக்கு எது வேண்டும் என்று முடிவு செய்து அந்த ஒரு வரியைத் தாளில் வையுங்கள். உங்கள் முடிவு அதில்தான் தொங்குகிறது.

முதல் விதமாக இருந்தாலும் தம்பிக்கு எல்லாம் போய்விடாது. முத்திரைக் குறைவுக்கான தீர்வையையும் அதன் மேல் பத்து மடங்கு வரை போகக்கூடிய அபராதத்தையும் கட்டினால், எந்த நிலம் யாருக்கு என்பதற்கு இல்லாவிட்டாலும், அண்ணன் தம்பி எப்போதிலிருந்து பிரிந்து தனித்தனி அனுபவத்தில் இருக்கிறார்கள் என்ற துணை விஷயத்துக்கு அந்தத் தாளைக் காட்டலாம். தம்பியின் வக்கீல் அந்தத் தாளைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யக் கொடுக்கும் நிமிடத்தில் அண்ணனின் வக்கீல் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். விட்டுவிட்டு, குறியீடு ஆன பிறகு முத்திரைக் குறைவைப் பற்றிப் பேச முடியாது. நீதிமன்றக் காட்சியில் நிஜமான பரபரப்பு வேண்டுமானால் நீளமான வாதப் பேச்சை எடுத்துவிட்டு இந்த நிமிடத்தை வையுங்கள்.

தாள் 30 ஆண்டைத் தாண்டிவிட்டது என்பதும் தம்பிக்குச் சாதகம். உரிய ஆளின் கைவசத்திலிருந்து வரும் 30 ஆண்டு பழைய மூலப் பத்திரத்தில் உள்ள கையெழுத்து அவரவருடையதுதான் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். மூலத்தாளே வேண்டும், ஜெராக்ஸுக்கு இந்தச் சலுகை இல்லை. அண்ணன் வீட்டு இரும்புப் பெட்டியில் மூலமும் தம்பியிடம் நகலும் என்று நீங்கள் எழுதியிருந்தால், தம்பி முதலில் "மூலத்தைத் தாக்கல் செய்" என்று அண்ணனுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அண்ணன் "அப்படி ஒரு தாளே கிடையாது" என்பார்.

போகிற போக்கில் இரண்டு திருத்தம். 1986-ல் கர்ணம் என்ற பதவி கிடையாது. தமிழ்நாட்டில் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980 நவம்பரில் ஒழித்துவிட்டு, பிறகு கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தார்கள். ஊரார் அவரைக் கர்ணம் என்றே கூப்பிடுவார்கள், அதில் தவறில்லை. எழுதுகிறவர் "பழைய கர்ணம்" என்றால் சரியாகிவிடும். இன்னொன்று, அன்றைய தாளில் விழுப்புரம் மாவட்டம் என்று வராது. 1993 வரை திண்டிவனம் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. போலிக் கூர்சீட்டு தயாரிப்பவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான். வேறொரு கதைக்கு அது உதவும்.

வினீதா சர்மா தீர்ப்பு தம்பிக்கு வைத்திருக்கும் கண்ணி ஒன்று உண்டு. மகள்களின் பங்கைத் தட்டிவிட வாய்மொழிப் பாகப்பிரிவினையைச் சொல்லி வருவதை நீதிமன்றங்கள் சுலபமாக ஏற்கக்கூடாது, பொது ஆவணங்களின் ஆதரவு இருந்தால் மட்டும் விதிவிலக்காக ஏற்கலாம் என்று அது சொல்கிறது. ஆகவே கூர்சீட்டு எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், அக்காவுக்கு எதிராக அது மட்டும் போதாது. 1986-லிருந்து அரசுக் கணக்குகளும் பதிவான பத்திரங்களும் அந்தப் பாகத்தை ஒட்டியே நடந்திருக்கின்றன என்று தம்பி காட்ட வேண்டும். புஞ்சையின் கூட்டுப் பட்டா இங்கே அவரைக் குத்தும். தனித்தனி வரி ரசீதுகள், அடங்கலில் சாகுபடியாளராகத் தன் பெயர், கிணற்று மின் இணைப்பு, கூட்டுறவுச் சங்கக் கடன் என்று அவர் சேர்க்கலாம். பனங்காடாகவே போட்டு வைத்திருந்தவரிடம் இவற்றில் பாதி இருக்காது. "நம்ம நெலம், யார் கேக்கப் போறா" என்று இருந்துவிட்டவரிடம் என்ன தாள் இருக்கும்?

அவரைக் காப்பாற்றக்கூடிய தாள்கள் அண்ணனிடமிருந்துதான் வர வேண்டும். நஞ்சையை எடுத்துக்கொண்ட அண்ணன் அந்தக் காலத்திலேயே ஓடிப்போய் அதைத் தன் ஒருவர் பெயருக்குத் தனிப்பட்டாவாக மாற்றியிருப்பார். கடன் வாங்க அது வேண்டும். நிலம் கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால், நஞ்சை மட்டும் அவர் ஒருவர் பேருக்கு எப்படிப் போனது? இதைவிட வலுவான ஒன்றை நீங்கள் கதையில் செருகலாம். 2003-ல் மகள் கல்யாணத்துக்காக அண்ணன் நஞ்சையில் 30 சென்டைப் பக்கத்து நிலத்துக்காரருக்குக் கிரயம் செய்து கொடுத்தார் என்று வையுங்கள். கிரயப் பத்திரத்தில் சொத்து தனக்கு எப்படி வந்தது என்று எழுதுவார்கள். பத்திர எழுத்தர் வழக்கம்போல எழுதியிருப்பார்: "1986-ம் வருஷம் ஏற்பட்ட குடும்பப் பாகப்பிரிவினையில் என் பாகத்துக்குக் கிடைத்து, அதுமுதல் நான் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்து வருகிற". அண்ணன் அதைப் படித்திருக்க மாட்டார். கையெழுத்தும் கைரேகையும் வைத்திருப்பார். சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் மனுப் போட்டாலும் அதன் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

குறுக்கு விசாரணை நீளமாக இருக்காது. தம்பியின் வக்கீல் பத்திரத்தை நீட்டுவார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"அந்த முப்பது சென்ட விக்கும்போது தம்பிகிட்டயோ தங்கச்சிகிட்டயோ கையெழுத்து வாங்குனீங்களா?"

"இல்லைங்க. அது என் பங்குங்க."

வக்கீல் உட்கார்ந்துவிடுவார். அனுபவமுள்ளவர் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். பதிவான பத்திரத்தில் அண்ணன் தானே சொன்ன வாசகம், தனிப்பட்டா, கூர்சீட்டு மூன்றும் சேர்ந்தால் வழக்கு தள்ளுபடியாகும் வாய்ப்பே அதிகம். 2003 கிரயம் இல்லாமல், கூர்சீட்டும் "பிரித்துக்கொள்கிறோம்" என்று இருந்தால் தராசு அண்ணன் பக்கம் சாயும். சாலை வந்தாலும் வராவிட்டாலும் இந்த இரண்டு முடிவுகளில் ஒன்றுதான். உங்கள் நீதிபதி செய்ததுபோல நியாயம் பார்த்துச் சரிபாதி என்று மூன்றாவது ஒன்று கிடையாது.

சொத்தின் மூலத்தை ஒரு வரியிலாவது சொல்லிவிடுங்கள், ஏனென்றால் மேலே சொன்ன எல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. தாத்தா 1956 ஜூன் 17-க்கு முன் இறந்திருக்க வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த அந்தத் தேதிக்குப் பிறகு அவர் இறந்திருந்தால், அப்பாவுக்கு வாரிசாக வந்தது அவருடைய தனிச்சொத்து என்று வாதம் கிளம்பும். தனிச்சொத்தில் மகன்களுக்குப் பிறப்பால் பங்கு இல்லை. அதை வாய்மொழியாகப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. அப்பா உயில் எழுதாமல் இறந்தால் கூர்சீட்டு என்ன சொன்னாலும் சகோதரிக்கு மூன்றில் ஒன்று உறுதி. அதேபோல 1986-ல் அப்பா தனக்கென்று நிலம் எதையும் வைத்துக்கொள்ளாமல், வருஷத்துக்கு இத்தனை மூட்டை நெல் என்று இரண்டு மகன்களிடமும் எழுதி வாங்கிக்கொண்டதாக வையுங்கள். அவர் பெயரில் அரை ஏக்கர் நின்றிருந்தால்கூட, அவர் இறந்ததும் அதில் மகளுக்குப் பங்கு வந்துவிடும், உங்கள் முடிச்சு தளர்ந்துவிடும்.

அடுத்தது வழக்கு தொடங்கும் விதம். சாலை போட்டதும் அண்ணன் ஆவேசமாகக் கோர்ட்டுக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது இன்னும் சின்னதாகத் தொடங்கும். புறவழிச்சாலை தேசிய நெடுஞ்சாலையைச் சேர்ந்தது என்றால், புஞ்சையின் ஒரு துண்டைக் கையகப்படுத்த அறிவிப்பு வரும். அதில் பட்டாவில் உள்ள எல்லாப் பெயரும் இருக்கும். கூட்டுப் பட்டா என்பதால் அண்ணன் வீட்டுக்கும் ஒரு தாள் போகும். 38 வருஷமாக மறந்துபோன நிலத்துக்குச் சொந்தக்காரர் என்று அரசாங்கமே அவர் பெயரை அச்சடித்து அனுப்புகிறது. இழப்பீட்டை யார் எவ்வளவு வாங்குவது என்பதில் அவர் ஒரு ஆட்சேபணை மனு கொடுத்தால் போதும், அதிகாரி அந்தத் தகராறை நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார். பணம் அங்கே முடங்கும். தம்பி கோபத்தில் ஒரு வார்த்தை விடுவார். வக்கீல் நோட்டீஸ் அதற்குப் பிறகு.

வழக்கு நிலுவையில் இருப்பதே அண்ணனுக்கு ஓர் ஆயுதம். மீதிப் புஞ்சையை வாங்க வந்த மனைக்காரர் தன் வக்கீலிடம் சட்டக் கருத்துக் கேட்பார்; வழக்கு நடக்கும்போது வாங்குகிறவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்பதால் அந்த வக்கீல் வேண்டாம் என்பார். அண்ணன் தோற்கப் போகிற வழக்காக இருந்தாலும், தம்பி விற்க முடியாமல் வருஷங்கள் போகும். ஒருவேளை அண்ணன் ஜெயித்தாலும் கையில் கிடைப்பது யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை. அதற்குப் பிறகு இறுதித் தீர்ப்பாணைக்கான நடவடிக்கை, வழக்கறிஞர் ஆணையர், சர்வேயர், சாலை முகப்பு யாருக்கு உள்பக்கம் யாருக்கு என்ற அடுத்த சண்டை, நடுவில் மேல்முறையீடு. மூவரில் யாராவது ஒருவரின் பேரப்பிள்ளை காலத்தில் சங்கிலி இழுப்பார்கள்.

இதனால்தான் இத்தகைய வழக்குகளில் கணிசமானவை ராஜியில் முடிகின்றன. உங்கள் கதையையும் அங்கே முடிக்க நினைத்தால், தம்பி பேசும் தொகை எங்கிருந்து வருகிறது என்பதை நம்பும்படி எழுதுங்கள். அவர் வெற்றி வாய்ப்பு நிறைய உள்ளவர், ஆனால் நேரம் இல்லாதவர். மூன்று ஏக்கரில் சாலை முகப்பு இல்லாத பின்பக்கம் 50 சென்டு என்று அவர் தொடங்கலாம். அண்ணன் ஒரு ஏக்கர் கேட்பார். இருவரும் முக்கால் ஏக்கரில் நிற்கும்போது தம்பியின் வக்கீல் குறுக்கே ஒரு வார்த்தை சொல்வார்: "அக்கா கையெழுத்து இல்லாம இந்த ராஜி மனு ஒண்ணுக்கும் ஆகாது." அண்ணன் மட்டும் வாபஸ் வாங்கினால், 2-ம் பிரதிவாதியான அவள் தானே கட்டணம் கட்டித் தன் பங்கைக் கேட்டு அதே வழக்கைத் தொடர முடியும். பாகப்பிரிவினை வழக்கில் பிரதிவாதிக்கும் வாதிக்குள்ள உரிமை உண்டு. நாளைக்கு மனை வாங்கக் கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீலும் முதலில் தேடுவது அவளுடைய கையெழுத்தைத்தான். ஆகவே ராஜி மனுவில் மூன்று கையெழுத்து, அவளுக்கு என்ன என்ற ஒரு பத்தி, 1986 பாகப்பிரிவினையை மூவரும் ஒப்புக்கொள்கிறார்கள் என்ற ஒரு வரி, நில அளவை எண்ணோடு ஒரு வரைபடம் இருக்க வேண்டும். நீதிபதி மூவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "படிச்சுப் பாத்துதான் கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேட்டு, ஆமாம் என்ற பிறகுதான் பதிவு செய்வார்.